ரீச்சால் வகுப்பதா, ஃபாலோயரால் வகுப்பதா? ஒரு நெகமம் சேலைக் கடையின் மாத அறிக்கை

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நெகமத்தில் கைத்தறிப் பருத்திச் சேலை விற்கும் ஒரு கடையின் உரிமையாளர், ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு என்னை அழைத்து மேசை மீது இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கை நடத்திவந்த ஏஜென்சி அனுப்பிய மாத அறிக்கை. மற்றொன்று, அவர் கேட்டுக்கொண்டதால் அதே மாதத்துக்கு நான் தயாரித்துக் கொடுத்தது. தறியில் நாடா ஓடுவதைக் காட்டும் ஒரு ரீலுக்கு முதல் தாளில் ஈடுபாட்டு விகிதம் 20 சதவீதம் என்றும், என் தாளில் 4 சதவீதம் என்றும் இருந்தது. “ஏனுங் தம்பி, அவங்க இருபதுங்கறாங்க, நீங்க நாலுங்கறீங்க. வீடியோ ஒண்ணுதானுங்களே?” என்று கேட்டார்.

வீடியோ ஒன்றுதான், அதற்கு வந்த லைக், கமெண்ட், சேவ், ஷேர் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கையும் 2,400 என்று இரண்டு தாளிலும் ஒன்றாகவே இருந்தது. ஏஜென்சி அதைக் கணக்கின் ஃபாலோயர் எண்ணிக்கையான 12,000 ஆல் வகுத்திருந்தது; நான் அந்த ரீலைக் கண்ட தனித்தனிக் கணக்குகளின் எண்ணிக்கையான 60,000 ஆல், அதாவது ரீச்சால், வகுத்திருந்தேன். இரண்டும் பிழையற்ற வகுத்தல்கள், இரண்டுக்கும் ஈடுபாட்டு விகிதம் என்றே பெயர். ஆனால் அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருந்தது. அடுத்த மாதம் முதல் மாதத்துக்கு நான்கு ரீல்கள், ஒவ்வொன்றும் 6,000 ரூபாய்க்கு, எடுக்கலாம் என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. அந்தப் பணத்தை ரீலில் போடுவதா, விலை போட்ட சேலைப் படங்களில் போடுவதா என்பதை முடிவு செய்ய எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கடையின் பெயரைச் சொல்லவில்லை. கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு எண்களாகத் திருத்தியிருக்கிறேன்.

அந்த மாதத்தில் வெளியான பதிவுகள் மூன்று. முதலாவது, மேலே சொன்ன தறி ரீல். இரண்டாவது, பத்துச் சேலைகளை விலையோடும் எண்ணோடும் வரிசையாகக் காட்டிய படத்தொகுப்பு. மூன்றாவது, ஆடிப்பெருக்கு வாழ்த்துப் படம்.

| பதிவு | ரீச் | மொத்த ஈடுபாடு | ஃபாலோயரால் வகுத்தால் | ரீச்சால் வகுத்தால் |
|---|---|---|---|---|
| தறி ரீல் | 60,000 | 2,400 | 20% | 4% |
| விலைப் படத்தொகுப்பு | 3,000 | 240 | 2% | 8% |
| வாழ்த்துப் படம் | 4,000 | 360 | 3% | 9% |

ஃபாலோயரால் வகுத்தால் ரீல் முதலிடம், படத்தொகுப்பு கடைசி. ரீச்சால் வகுத்தால் வாழ்த்து முதலிடம், ரீல் கடைசி. இப்படி வரிசையே தலைகீழாவதன் காரணம் ரீலின் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. அதைப் பார்த்த 60,000 கணக்குகளில் பெரும்பாலானவை கடையைப் பின்தொடராதவை. அவர்கள் போட்ட லைக் மேலே உள்ள எண்ணில் சேர்கிறது, ஆனால் அவர்கள் கீழே உள்ள 12,000 இல் இல்லை. வெளியூர்க் கூட்டம் போட்ட மொய்யை உள்ளூர் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, வீட்டுக்கு இவ்வளவு மொய் வந்தது என்று சொல்வதைப் போன்றது இது. இன்ஸ்டாகிராமில் படங்கள் பெரும்பாலும் ஃபாலோயர்களுக்கே காட்டப்பட்ட காலத்தில், வகுக்கும் எண்ணும் பார்த்த கூட்டமும் ஓரளவு ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. ரீல்கள் வந்து, பரிந்துரையின் வழியாக அறியாதவர்களுக்கும் பதிவுகள் காட்டப்படத் தொடங்கிய பின் அந்த ஒட்டு விட்டுப்போயிற்று.

ஆகவே ஒரே கணக்குக்குள் ஒரு பதிவை இன்னொரு பதிவோடு ஒப்பிடுவதற்கு ரீச்சால் வகுப்பதே சரி என்பது என் நிலைப்பாடு. அந்தப் பதிவைக் கண்டவர்களில் எத்தனை பேர் அசைந்தார்கள் என்பதற்கு அது விடை தருகிறது. ஃபாலோயரால் வகுக்கும் விகிதம் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறது: இன்ஸ்டாகிராம் எத்தனை பேருக்குக் காட்டியது என்பது ஒன்று, கண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ரீச் என்ற எண்ணே தனியாக விடை சொல்லும்போது அதை விகிதத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டிய தேவை இல்லை.

ஃபாலோயர் எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல், அது நாளுக்கு நாள் மாறுவதும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாததும் ஆகும். இந்தக் கடை முந்தைய தீபாவளிக்கு ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. பின்தொடர்ந்து மூன்று நண்பர்களைக் குறிப்பிட்டால் ஒரு சேலை என்ற வழக்கமான போட்டிதான். அதில் ஏறக்குறைய 4,000 ஃபாலோயர்கள் சேர்ந்தார்கள், சேலை ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் பட்டியலில் தங்கிவிட்டார்கள். விலைப் படத்தொகுப்பின் 240 ஈடுபாட்டை 12,000 ஆல் வகுத்தால் 2 சதவீதம். அந்த 4,000 பேர் வராமலே இருந்திருந்தால் அதே பதிவுக்கு 3 சதவீதம் வந்திருக்கும். பதிவு ஒன்றே, வாங்குவோரும் அவர்களே, ஆனாலும் கடையின் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து தெரிகிறது. போட்டி நடத்திய ஏஜென்சி அன்று அதை வெற்றியென்று அறிக்கையில் எழுதியிருக்கும். அதன் சுமை அடுத்தடுத்த மாத அறிக்கைகளில் விழுகிறது.

தறி ரீல் ஓடிய அந்த மாதத்தில் புதிதாக 1,500 பேர் பின்தொடர்ந்ததால் எண்ணிக்கை 13,500 ஆயிற்று. இங்கே ஒரு நடைமுறைப் பிழை அடிக்கடி நேர்கிறது. பலர் ஃபாலோயர் எண்ணிக்கையை விரிதாளில் ஒரே கட்டத்தில் வைத்து, எல்லாப் பதிவுகளின் கணக்கையும் அந்தக் கட்டத்தோடு இணைத்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தைத் திருத்தியதும் பழைய பதிவுகளின் விகிதமும் தானாகக் குறைகிறது. படத்தொகுப்பின் 2 சதவீதம் யாரும் தொடாமலேயே 1.8 ஆகிவிடுகிறது. சென்ற மாத அறிக்கையை மறுபடி திறந்து பார்க்கையில் எண் மாறியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஃபாலோயரால் வகுத்தே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு பதிவுக்கும் அது வெளியான நாளின் எண்ணிக்கையை அதன் வரியிலேயே எழுதி உறைய வைக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பின்னும் ஃபாலோயரால் வகுப்பதற்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. ஒரு கணக்கின் ரீச் அதன் உரிமையாளருக்கு மட்டுமே தெரியும்; பக்கத்து ஊர்க் கடையின் ரீச்சை நாம் பார்க்க முடியாது. வெளியே பெரும்பாலும் தெரிவது ஃபாலோயர் எண்ணிக்கையும் லைக்கும் கமெண்டும், ரீல் என்றால் பார்வை எண்ணிக்கையும்தான். 2021 முதல் லைக் எண்ணிக்கையைக்கூட மறைத்துக்கொள்ள இன்ஸ்டாகிராம் வசதி தந்திருக்கிறது. எனவே போட்டிக் கடைகளோடு ஒப்பிடுவதற்கும், பணம் கொடுத்துச் சேலையைக் காட்டச் சொல்லவிருக்கும் கோவை இன்ஃப்ளூயன்சரை முதல் சுற்றில் சலித்தெடுப்பதற்கும், வெளியில் தெரியும் லைக்கையும் கமெண்டையும் கூட்டி ஃபாலோயரால் வகுப்பதே கைக்கெட்டும் முறை. ஒப்பிடும்போது நம் கணக்கையும் அதே முறையில், சேவ், ஷேர் இரண்டையும் விட்டுவிட்டுக் கணக்கிட வேண்டும். நமக்கு மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு அடுத்தவருக்கு லைக்கை மட்டும் எண்ணுவது அளவைப் படியை மாற்றிப் போட்டு அளப்பதற்குச் சமம். அந்தச் சுற்றில் தேறிய இன்ஃப்ளூயன்சரிடம், பணம் பேசுவதற்கு முன், அண்மைய பத்துப் பதிவுகளுக்கு, கணக்கின் உரிமையாளருக்கு மட்டும் இன்ஸ்டாகிராம் காட்டும் இன்சைட்ஸ் புள்ளிவிவரப் பக்கத்தின் திரைப்பிடிப்புகளையும், பார்வையாளர்கள் எந்தெந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்ற பக்கத்தையும் கேட்டு வாங்குவது வழக்கமாக வேண்டும். அவர் சிறந்தவற்றை மட்டும் பொறுக்கி அனுப்பாதபடி, ‘கடைசிப் பத்து’ என்று தேதி வரிசையில் கேட்க வேண்டும்.

இனி ரீச்சின் பக்கம் உள்ள ஏமாற்றங்களுக்கு வருவோம். அவை குறைவல்ல.

முதலாவது, நன்றாகப் பரவும் பதிவைத் தண்டிக்கும் குணம் ரீச்சால் வகுப்பதில் இருக்கிறது. கடையை அறிந்தவர்கள் பார்த்தால் லைக் போடுவார்கள். அறியாதவர்கள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். அறியாதவர்களுக்குப் போகப் போக விகிதம் கீழே இறங்கும். தறி ரீலின் இன்சைட்ஸ் பக்கத்தில் பார்வைகளில் 93 சதவீதம் பின்தொடராதவர்களிடமிருந்து என்றும், ஈடுபாட்டில் 80 சதவீதம் அவர்களிடமிருந்து என்றும் இருந்தது. பார்வையின் பங்கை ரீச்சுக்கும் ஏறத்தாழப் பொருத்திக்கொண்டால், பின்தொடரும் 4,200 பேரில் 480 ஈடுபாடு, அதாவது 11.4 சதவீதம், பின்தொடராத 55,800 பேரில் 1,920 ஈடுபாடு, அதாவது 3.4 சதவீதம். இப்போது தெரிகிறது, பழைய வாடிக்கையாளர்களிடம் ரீல் வாழ்த்துப் படத்தைவிட நன்றாகவே எடுபட்டிருக்கிறது. 4 சதவீதம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி ரீல் தோற்றது என்று நான் சொல்லியிருந்தால், 20 சதவீதம் என்று காட்டி அது வென்றது என்றவர்கள் செய்த அதே பிழையை மறுபுறமிருந்து செய்திருப்பேன். ரீலை ரீலோடும் படத்தைப் படத்தோடும் மட்டும் ஒப்பிடுவதும், முடிந்தவரை பின்தொடர்வோர், பின்தொடராதோர் என்று பிரித்துக்கொள்வதும் இதற்கான மருந்து.

இரண்டாவது, சராசரி எடுக்கும் முறை. மூன்று பதிவுகளின் 4, 8, 9 ஆகியவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 7 சதவீதம். மொத்த ஈடுபாடான 3,000 ஐ மொத்த ரீச்சான 67,000 ஆல் வகுத்தால் 4.5 சதவீதம். ஃபாலோயர் பக்கம் போனால், 20, 2, 3 இன் சராசரி 8.3 சதவீதம்; மாதத்தின் 3,000 ஈடுபாட்டையும் ஒரேயடியாக 12,000 ஆல் வகுத்துவிட்டால் 25 சதவீதம். ஒரே மாதம், ஒரே மூன்று பதிவுகள், நான்கு ‘ஈடுபாட்டு விகிதங்கள்’. ஏஜென்சியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 25 என்று இருந்ததன் மர்மம் இதுதான். அந்த முறையில் மாதத்துக்கு இரு மடங்கு பதிவுகள் போட்டால் விகிதமும் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பதைக் கவனித்தாலே அதன் தகுதி விளங்கிவிடும். என் தேர்வு பதிவுகளின் நடுவெண், அதாவது விகிதங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. திடீரென ஓடிய ஒரு ரீல் மாதத்தின் முகத்தை மாற்றிவிடாது. மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதும் பிழையல்ல, ஆனால் அங்கே 67,000 என்பது 67,000 மனிதர்கள் அல்ல, ஒரே கணக்கு மூன்று பதிவுகளையும் கண்டிருக்கலாம் என்பதை ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

ரீச்சுக்குப் பதிலாகப் பார்வைகளைக் கொண்டு வகுக்கும் பழக்கமும் பரவிவருகிறது. 2024 இல் இன்ஸ்டாகிராம் எல்லா வகைப் பதிவுகளுக்கும் பார்வைகளை முதன்மை அளவாக அறிவித்த பின் திரையில் முதலில் கண்ணில் படுவது அதுவே. பார்வை என்பது மறுபடி மறுபடி பார்த்ததையும் எண்ணும்; ரீச் ஒரு கணக்கை ஒருமுறைதான் எண்ணும். தறி ரீலுக்குப் பார்வைகள் 78,000. அதனால் வகுத்தால் 3.1 சதவீதம். எதை எடுத்தாலும் எடுத்ததை மாற்றாமல் இருப்பதே முக்கியம். அதேபோல, பதிவு வெளியாகி ஏழாம் நாள் எண்ணைக் குறிப்பது என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் ஏழாம் நாள்தான். பணம் கட்டி பூஸ்ட் செய்த பதிவுகளைத் தனி வரியில் எழுத வேண்டும்; வாங்கிய ரீச்சையும் வந்த ரீச்சையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் பயனற்றுப் போகும்.

மூன்றாவது ஏமாற்றத்துக்குத்தான் அதிக இடம் தர வேண்டும், ஏனென்றால் ரீச்சா ஃபாலோயரா என்று வாதிடுகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. ரீச்சால் வகுத்த பட்டியலில் முதலிடம் பிடித்தது ஆடிப்பெருக்கு வாழ்த்து. வாழ்த்துக்கு லைக் போடுவது மரியாதை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வகுக்கும் எண்ணைச் சரிசெய்தும் விடை கோணலாக வருகிறதென்றால், கோளாறு மேலே உள்ள எண்ணில் இருக்கிறது. ஒரு லைக், ஒரு சேவ் இரண்டையும் ஒரே எடையாக எண்ணிக் கூட்டியதுதான் கோளாறு. ரீலின் 2,400 இல் 2,150 லைக், 50 கமெண்ட், 80 சேவ், 120 ஷேர். படத்தொகுப்பின் 240 இல் 130 லைக், 20 கமெண்ட், 60 சேவ், 30 ஷேர். வாழ்த்தின் 360 இல் 350 லைக், 10 கமெண்ட், வேறொன்றும் இல்லை. சேவ், ஷேர் இரண்டையும் மட்டும் கூட்டி ரீச்சால் வகுத்தால் படத்தொகுப்புக்கு 3 சதவீதம், ரீலுக்கு 0.33 சதவீதம், வாழ்த்துக்குச் சுழியம். சேலை வாங்க நினைப்பவர், சம்பள நாள் வரையோ வீட்டில் கேட்கும் வரையோ படத்தைச் சேமித்துவைக்கிறார், அல்லது அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பி எந்த நிறம் என்று கேட்கிறார். இந்த இரண்டு செயல்களும் வாங்கும் எண்ணத்துக்கு அருகில் இருக்கின்றன. மளிகைக்கும் உணவகத்துக்கும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் எந்தச் செயல் விற்பனைக்கு அருகில் நிற்கிறது என்று அதன் ஆர்டர்களோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்க்க ஆர்டர் எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே என்று கேட்கலாம். இணையக் கடை உள்ளவர்கள் சுட்டியின் கடைசியில் மூலத்தின் பெயரை ஒட்டி அனுப்பிக் கண்டறிவார்கள். இந்தக் கடைக்கு இணையக் கடை இல்லை. கொங்குப் பகுதியின் சிறு ஜவுளிக் கடைகள் பலவற்றைப் போல எல்லா வியாபாரமும் வாட்ஸப்பில் நடக்கிறது. இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் போடும் சுட்டியை அழுத்தவும் முடியாது. ஆனால் வாடிக்கையாளர்களே ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள்: பிடித்த சேலையின் படத்தைத் திரையில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பி, “இது இருக்குங்களா?” என்று கேட்கிறார்கள். படத்தின் மூலையில் சேலை எண் இருந்தால் போதும், அது எந்தப் பதிவு என்பது தெரிந்துவிடும். ஸ்டோரியிலும் முகப்புப் பக்கத்திலும் வைக்கும் சுட்டிகளுக்கு மட்டும், அழுத்தியதும் எண் தானாகத் தட்டச்சாகி நிற்கும்படி இப்படி எழுதிக்கொண்டோம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=NG-118
```

ரீலில் சேலை எண் இருக்காது என்பதால், முதல் சில நொடிகளில் ‘NG-101’ என்று திரையில் காட்டச் செய்தோம். வாட்ஸப் பிசினஸ் செயலியில் விசாரணை, பணம் வரவேண்டியது, அனுப்பியது, திரும்பியது என்று லேபிள்கள் வைத்து, கல்லாவில் இருக்கும் பெண் ஒவ்வோர் அரட்டைக்கும் ஒன்றை ஒட்டினார். ஒரு நோட்டில் தேதி, சேலை எண், ஊர், தொகை என்று நான்கு பத்தி. இவ்வளவுதான் கருவி.

நோட்டு சொன்ன கணக்கு இது. வாழ்த்துப் படத்துக்கு ஒரு விசாரணை வந்தது, ஆர்டர் இல்லை. தறி ரீலுக்கு 18 விசாரணை, 2 ஆர்டர். படத்தொகுப்புக்கு 41 விசாரணை, 14 ஆர்டர். ஆர்டரோடு நின்றுவிடவும் கூடாது, ஏனென்றால் வீட்டில் பணம் கொடுத்து வாங்கும் முறையில் அனுப்பியவற்றில் இரண்டு, கதவு திறக்காமல் திரும்பி வந்தன. மீதி 12 சேலை, சராசரி 1,200 ரூபாய் என்றால் விற்பனை 14,400. நெசவுக்கூலி, நூல், பெட்டி, கூரியர் எல்லாம் போகச் சேலைக்கு 300 ரூபாய் நிற்கிறது என்று அவர் சொன்னார், ஆக 3,600. திரும்பி வந்த இரண்டுக்கும் போகவர கூரியர் 300, படம் எடுத்த செலவு 1,000. படத்தொகுப்பில் கையில் நின்றது 2,300 ரூபாய். ரீலில் இரண்டு சேலைக்கு 600 ரூபாய் நின்றது, எடுத்த செலவு 6,000.

இதைப் பார்த்ததும் ரீலின் 60,000 ரீச் வெறும் பகட்டு எண் என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அவசரப்படவில்லை. ரீலால் வந்த 1,500 ஃபாலோயர்கள் உடனே வாங்கவில்லை என்பதால் பிறகும் வாங்கமாட்டார்கள் என்று ஆகாது. அடுத்த இரண்டு மாதம், புதிதாக வாட்ஸப்பில் வருகிறவர்களிடம் “எங்களை எப்படித் தெரியுமுங்க?” என்று ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். தறி வீடியோவைச் சொன்னவர்களிடமிருந்து 9 ஆர்டர்கள் வந்தன, அதில் நின்றது 2,700. முன்னைய 600 ஐயும் சேர்த்தால் 3,300. செலவான 6,000 இல் இன்னும் 2,700 வரவில்லை. மனிதர்களின் நினைவை நம்பி எடுத்த கணக்கு இது. வீடியோவைப் பார்த்துவிட்டு நேரே நெகமத்துக்கே காரில் வந்து வாங்கிப் போனவர்களை இது பிடிக்காது. அதனால் 3,300 என்பது குறைந்தபட்சம் என்று மட்டும் கொள்ளலாம். அப்படிக் கொண்டாலும், ரீல் ஆள் சேர்க்கிறது, படத்தொகுப்பு விற்கிறது என்ற வேலைப் பிரிவினை தெளிவாகத் தெரிந்தது. ஆள் சேர்க்கும் செலவை மாதத்துக்கு 24,000 ஆக உயர்த்த இந்த எண்கள் இடம் தரவில்லை.

பகட்டு எண் என்று ஓர் இனம் தனியாகப் பிறப்பதில்லை. ரீச்சும் ஃபாலோயரும்கூட ஏதாவது ஒரு முடிவோடு கட்டப்பட்டிருந்தால் பயன்படும். நான் உரிமையாளரிடம் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: அடுத்த மாதம் இந்த எண் பாதியானால் கடையில் எதை மாற்றுவீர்கள்? 25 சதவீதம் பாதியானால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, ஏஜென்சிக்கும் தெரியவில்லை. படத்தொகுப்பின் சேவ், ஷேர் விகிதம் பாதியானால் நிறத்தையோ விலையையோ படம் எடுக்கும் முறையையோ மாற்ற வேண்டும். விசாரணை அப்படியே இருந்து ஆர்டர் பாதியானால் கோளாறு இன்ஸ்டாகிராமில் இல்லை. வாட்ஸப்பில் பதில் தாமதமாகிறது, அல்லது கூரியர் கட்டணம் உறுத்துகிறது. பின்தொடர்வோரில் எத்தனை பேரைப் பதிவுகள் எட்டுகின்றன என்பதும் இந்தக் கேள்விக்குத் தாங்கியது. படத்தொகுப்பைக் கண்ட 3,000 பேரில் 2,700 பேர் பின்தொடர்வோர்; அது 12,000 இல் 22.5 சதவீதம். அது பாதியானால் பட்டியல் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், இன்னொரு பரிசுப் போட்டி வேண்டாம் என்பது முடிவு.

ஆகவே அறிக்கையை இரண்டு பக்கமாகப் பிரித்தோம். முதல் பக்கத்தில் விசாரணை, ஆர்டர், திரும்பியது, கையில் நின்ற பணம், அந்த மாதம் படத்துக்கும் ரீலுக்கும் ஆன செலவு. இரண்டாம் பக்கத்தில் பதிவுவாரியாக ரீச், பின்தொடராதோர் பங்கு, ரீச்சால் வகுத்த ஈடுபாடு, ரீச்சால் வகுத்த சேவும் ஷேரும். ரீல்கள் தனி, படங்கள் தனி, பூஸ்ட் செய்தவை தனி. ஃபாலோயரால் வகுத்த விகிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பக்கத்துக் கடைகளோடு ஒப்பிடும் தாளில் மட்டும் வரும். லைக்கின் மொத்த எண்ணிக்கை எங்கும் இல்லை. ஏஜென்சிக்கு இதில் மனவருத்தம் இருந்தது, அதில் நியாயமும் உண்டு: கடையில் சேலை தீர்ந்துபோனால் ஆர்டர் குறையும், அதற்கு அவர்களைப் பொறுப்பாக்க முடியாது. எனவே அவர்களுடைய வேலையை இரண்டாம் பக்கத்தையும் விசாரணை எண்ணிக்கையையும் கொண்டு மட்டும் மதிப்பிடுவது, அதற்கு மேல் உள்ளவை கடையின் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம்.

மாதத்துக்கு ஒரு ரீல், வாரத்துக்கு ஒரு விலைப் படத்தொகுப்பு என்று உரிமையாளர் முடிவு செய்தார். ஒரே ஒரு மாதத்தின் 14 ஆர்டர்களையும் 2 ஆர்டர்களையும் கொண்டு இன்னும் உறுதியாக எதையும் சொல்ல நான் உடன்படவில்லை. ஒவ்வொரு வகையிலும் இன்னும் சில பதிவுகள் சேர்ந்த பின், பொங்கலுக்கு முன் மறுபடி உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். நோட்டில் சேலை எண் பத்தி தீபாவளி நெருக்கடியில் காலியாக விடப்பட்ட நாட்கள் இருக்கின்றன. அந்த வரிகளை எந்தப் பதிவின் கணக்கிலும் சேர்க்காமல், ‘தெரியாது’ என்று தனி வரியாகவே அறிக்கையில் காட்டுகிறேன்.